யாருடைய பணம், யார் கை வழியே?

2018இல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை ஒன்று சங்கடமான கேள்வியை எழுப்பியது. குஜராத்தின் படேல் சிலைக்கு ஓஎன்ஜிசி, இந்தியன் ஆயில் உள்ளிட்ட ஐந்து பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் 146.83 கோடி ரூபாய் கொடுத்து, அதைச் சமூகப் பொறுப்புச் செலவாகக் கணக்கு எழுதியிருந்தன. ஓஎன்ஜிசியின் பங்கு மட்டும் 50 கோடி. பணம் போனது சர்தார் வல்லபாய் படேல் ராஷ்ட்ரிய ஏகதா அறக்கட்டளைக்கு. தேசியப் பாரம்பரியப் பாதுகாப்பு என்பது காட்டப்பட்ட காரணம். புதிதாக எழும்பும் சிலை பாரம்பரியச் சொத்து ஆகாது என்று தணிக்கை மறுத்தது.

தொகையும் வாங்கிய கையும் ஏட்டில் இருந்ததால்தான் இந்தக் கேள்வியே பிறந்தது. ஆகவே எவ்வளவு, யார் வழியாக என்று சொல்வது நிறுவனங்களின் பெருந்தன்மை அல்ல, கடமை.

வலது கை கொடுப்பதை இடது கை அறியக்கூடாது என்பார்கள். தன் பணத்தைக் கொடுப்பவருக்கு அது பொருந்தும்.

நிறுவனத்தின் பணமோ பங்குதாரர்களுடையது; கொடுக்கச் சொன்னது சட்டம். 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, 5 கோடி லாபம், 1,000 கோடி விற்றுமுதல், 500 கோடி நிகர மதிப்பு ஆகியவற்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கடமையாகக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல; வள்ளுவர் ஈகைக்கு முன்னால் ஒப்புரவறிதலை வைத்தார். அங்கே செல்வம் ஊருணி நீராகவும் ஊர் நடுவே பழுத்த மரமாகவும் வருகிறது. வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடிய முடமோசியார், அவன் அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் என்றே புகழ்ந்தார். விளம்பரத்துக்காகக் கொடுப்போர் அந்தப் பாட்டின் முன் நிற்க முடியாது.

எவ்வளவு, யார் வழியாக என்று தேடுவது கடினமல்ல. ஆண்டறிக்கையில் இயக்குநர் குழு அறிக்கையின் இணைப்பாகச் சமூகப் பொறுப்பு அறிக்கை இருக்கும். முதலில் செலவிட வேண்டிய தொகையையும் செலவிட்ட தொகையையும் ஒப்பிட வேண்டும். மீதி இருந்தால் அது தனி வங்கிக் கணக்குக்கோ அரசு நிதிக்கோ போயிருக்க வேண்டும். பிறகு திட்டங்களை நிறுவனமே நடத்தியதா, வேறு அமைப்பின் வழியாகவா என்று பார்க்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் அத்தகைய அமைப்புக்குப் பதிவு எண் கட்டாயம். அது CSR என்ற எழுத்துகளுடன் தொடங்கும்.

சிக்கல் அதற்கு அப்பால்தான். இன்ஃபோசிஸ், ரிலையன்ஸ், டிசிஎஸ் போன்ற பெரிய நிறுவனங்களுக்குச் சொந்த அறக்கட்டளைகள் உண்டு. பணம் அறக்கட்டளைக்குப் போனது என்ற வரியோடு தேடல் நின்றுவிட்டால், கிராமத்தில் பள்ளி எழும்பியதா என்பது தெரியாது. அறக்கட்டளையின் சொந்த ஆண்டறிக்கையையும் எடுத்துப் பார்க்க வேண்டும். பணம் சொன்ன காரியத்துக்கே செலவானதென்று நிறுவனத்தின் நிதித்துறைத் தலைவர் சான்றளிக்க வேண்டும் என்கிறது விதி. அந்தச் சான்றின் விவரத்தைப் பங்குதாரர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேட்க வேண்டும்.