பாராட்டு மடலில் எழுதக் கூடாத ஒரு பாராட்டு

அரசு வங்கி மேலாளர் அறுபது வயது நிறைவடையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார். அன்று மாலை சால்வையும் மாலையும் போட்டு, ஊழியர்கள் சேர்ந்து எழுதிய பணிநிறைவுப் பாராட்டு மடலை ஒருவர் வாசிப்பார். அந்த மடல்களில் அடிக்கடி இடம்பெறும் வாக்கியம் ஒன்று உண்டு: "நாங்கள் தவறு செய்தபோதெல்லாம் வெளியே தெரியாமல் எங்களைக் காப்பாற்றினார்." நன்றியில் ஊறிய வாக்கியம்தான். ஆனால் அதைப் பாராட்டாக எழுதலாமா?

காசாளருக்கு வரும் 'ஷார்ட்டேஜ்' விஷயத்தில் இந்தக் கேள்வி கூர்மையாகிறது. மாலையில் கணினி காட்டும் இருப்பைவிடக் கையிலுள்ள பணம் முப்பதாயிரம் ரூபாய் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாகச் சேர்ந்த காசாளர். முகம் வெளுத்துப் போகிறது. மேலாளர் தன் பையிலிருந்து முப்பதாயிரத்தை எடுத்துக் கொடுத்து, "விடும்மா, கணக்கை முடி" என்கிறார். பதிவேட்டில் எதுவும் ஏறவில்லை. அந்தக் காசாளர் ஆயுளுக்கும் அவரை மறக்க மாட்டார்.

இதில் பணம் கொடுத்தது ஈகை. அதை யாரும் குறை சொல்ல முடியாது. குறைவை அன்றே பதிவு செய்யாமல் விட்டதுதான் பிழை. நூறு தாள் கொண்ட ஐந்நூறு ரூபாய்க் கட்டு ஒன்று இருநூறு ரூபாய்க் கட்டு என்று நினைத்துக் கொடுக்கப்பட்டிருந்தால், வித்தியாசம் சரியாக முப்பதாயிரம் வரும். அன்று இருநூறு ரூபாய்க் கட்டு யார் யாருக்குப் போனது என்று சீட்டுகளைப் புரட்டினால், கேட்க வேண்டியவர்கள் சிலர்தான் இருப்பார்கள். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம்: 5,400 கொடுத்துவிட்டு 4,500 என்று பதிந்திருந்தால் தொள்ளாயிரம் குறையும். குறைந்த தொகையில் சரிபாதிக்குப் பணம் கொடுத்த சீட்டு ஒன்று இருந்தால், கொடுத்த பணத்தை வரவாகப் பதிந்தோமா என்று பார்க்க வேண்டும். இவையெல்லாம் பழைய மேலாளர்களுக்கு விரல் நுனியில் இருக்கும் அறிவு. சொந்தப் பணத்தால் கணக்கு நேராகிவிட்ட கணமே இந்தத் தேடல் நின்றுபோகிறது. காசாளரும் எங்கே தவறினோம் என்று தெரிந்துகொள்ளாமலே வீடு திரும்புகிறார்.

இன்னொரு கேடு இதைவிடப் பெரிது. குறைவை மறைக்கும் பழக்கம் வந்த கிளையில் மிகுதியையும் மறைக்கத் தோன்றும். ஒரு நாள் கூடுதலாக வந்த ஆயிரத்தை மேசையில் தனியே வைத்து, இன்னொரு நாள் குறைவுக்கு ஈடுகட்டுவார்கள். அந்த ஆயிரம் யாரோ ஒரு வாடிக்கையாளருடையது. மறுநாள் அவர் வந்து, "எனக்குக் குறைவாகக் கொடுத்துவிட்டீர்கள்" என்று சொன்னால், நிரூபிக்கப் பதிவேட்டில் ஒரு வரியும் இருக்காது. மிகுதியை அன்றே அதற்கென உள்ள கணக்கில் வரவு வைக்கச் சொல்வது இதற்காகத்தான். திரும்பத் திரும்ப ஒரே கையில் குறைவு வந்தால், அது கவனக்குறைவா திருட்டா என்று பிரித்தறியவும் பதிவு வேண்டும்.

"அப்படியானால் இரக்கத்துக்கு இடமே இல்லையா?" என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. குறைவைப் பதிந்துவிட்டு, காசாளர் கட்ட வேண்டிய தொகையை மேலாளர் கடனாகவோ கொடையாகவோ கொடுக்கலாம். இரவு எட்டு மணி வரை கூடவே உட்கார்ந்து சீட்டுகளைச் சரிபார்க்கலாம். அன்று சந்தை நாள், கூட்டம் இவ்வளவு, கவுண்டரில் ஒரே ஆள் என்று மேலிடத்துக்கு எழுதலாம். பணம் வாங்கிப்போனவர் வீட்டுக்குக் காசாளரோடு தானும் போகலாம். இவற்றைச் செய்பவர் விதியையும் மீறுவதில்லை, மனிதரையும் கைவிடுவதில்லை. மறைப்பதைவிட இது கடினம்; ஆகவே அதிக அன்பும் இதில்தான் இருக்கிறது என்பேன்.

மடலைக் கேட்கும் இளம் அலுவலர்கள் அதிலிருந்துதான் நல்ல மேலாளர் என்றால் யார் என்று கற்றுக்கொள்கிறார்கள். ஓய்வு பெறுபவருக்கும் இதில் ஓர் ஆபத்து உண்டு. 1995ஆம் ஆண்டு வங்கி ஓய்வூதிய விதிகளின்படி, நான்கு ஆண்டுக்குள் நடந்தவை குறித்து ஓய்வுக்குப் பிறகும் துறை விசாரணை தொடங்க முடியும். ஆனால் அந்த அச்சம் ஒரு புறம் இருக்கட்டும்; முப்பத்தைந்து ஆண்டு உழைத்தவரை, அவர் செய்தவற்றிலேயே தளர்ந்த ஒன்றைச் சொல்லிப் பாராட்டி அனுப்புவது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல.

எனவே மடல் எழுத உட்காருபவர்கள் அவர் கூட நின்ற மாலைகளைத் தேடி எழுதுங்கள்: என்ன தொகை, எப்படிக் கண்டுபிடித்தார், யாருக்கு என்ன எழுதினார் என்று விவரமாக. அதில் வரும் காசாளரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். அவர் தயங்கினால், அந்தச் சம்பவத்தை விட்டுவிட்டு வேறொன்றை எழுதுங்கள்.