உள்வாடகையும் உண்மையும்

கேரளத்தில் பொன்முடிக்கு ஏறும் பாதையிலுள்ள கல்லாறு என்னும் ஊரில், ஒருவர் ஒரு வீட்டை அதன் உரிமையாளரிடமிருந்து மாதம் 12,000 ரூபாய்க்குப் பதினொரு மாதப் பத்திரத்தில் எடுத்து, அதன் மூன்று அறைகளைத் தலா 6,000 ரூபாய் வாடகைக்கும் 18,000 ரூபாய் முன்பணத்துக்கும் மூவருக்கு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் மிஞ்சும் 6,000 ரூபாயைப் பாவமென்று சொல்வதற்கில்லை. வீட்டைப் பராமரித்து, அறை காலியாகக் கிடக்கும் மாதத்தின் நஷ்டத்தையும் தாமே ஏற்பவர் அதற்குரிய பலனைப் பெறுவது நியாயமே.

ஆனால் அறைவாசியின் பாத்தியம் வீட்டுக்காரரிடமிருந்து நேரே வருவதன்று. முதல் வாடகைதாரரின் பாத்தியத்தைப் பற்றியே அது நிற்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 115-வது பிரிவு, முதல் வாடகைதாரர் தாமாக வீட்டை ஒப்படைத்தால் உள்வாடகை பாதிக்கப்படாது என்று காக்கிறதாயினும், நிபந்தனையை மீறியதால் அவருடைய உரிமை பறிபோகும்போது பொதுவாக உள்வாடகையும் உடன் அற்றுப்போகும் என்றே விதிக்கிறது. 1964-இல் ரூப்சந்த் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், முதல் குத்தகைதாரர்மீது உரிமையாளர் தொடரும் வழக்கில் உள்குத்தகைதாரரைக் கட்சியாகச் சேர்க்க வேண்டிய அவசியமில்லை என்றும், தீர்ப்பு அவரையும் கட்டுப்படுத்தும் என்றும் கூறிற்று. மாதந்தவறாமல் வாடகை கொடுத்து ரசீதும் வைத்திருப்பவர், தம்மைக் கேளாமலே நடந்த விசாரணையின் முடிவால் வெளியேற நேரலாம்.

கேரளத்தின் 1965-ஆம் ஆண்டுக் கட்டட வாடகைச் சட்டம் அமலிலுள்ள ஊர்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. சம்மதமின்றி உள்வாடகைக்கு விட்டவருக்கு உரிமையாளர் முதன்முறை பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பினால், முப்பது நாட்களுக்குள் அந்த உள்வாடகையை முடித்துக்கொண்டு அவர் தம் குடியிருப்பைக் காத்துக்கொள்ளலாம். அதாவது, தாம் செய்த பிழைக்கு அறைவாசிகளை வெளியேற்றுவதே அவருக்குப் பரிகாரமாகிறது. அப்போது மூவரின் 54,000 ரூபாய் முன்பணம் அவர் கையில் இருக்க, அதை வாங்காத உரிமையாளரிடம் கேட்கவும் அவர்களுக்கு வழி இருப்பது அரிது.

அறைவாசியே விசாரித்திருக்கலாமே என்பது முழு விடையாகாது. மூலப் பத்திரம் முதல் வாடகைதாரரின் பெட்டியில் இருக்கிறது. அது எப்போது முடிகிறது, உள்வாடகைக்கு எழுத்துமூலச் சம்மதம் உண்டா, வாடகை பாக்கி இருக்கிறதா என்பவை அவருக்கே தெரியும். அறிவு எவரிடமோ, சொல்லும் கடமையும் அவரிடமே. அறைவாசிகள் இருப்பதை அறிந்தும் மௌனமாய் வாடகை பெற்றுவந்த உரிமையாளரும் இப்பழியிலிருந்து முற்றிலும் விடுபடார்.

ஆகவே அறையை விடுபவர், பணம் வாங்குமுன் மூலப் பத்திரத்தையும் சம்மதக் கடிதத்தையும் காட்டட்டும். முன்பணத்தைத் தம் செலவில் கலவாது தனியே வைக்கட்டும். அப்பத்திரங்களைக் காட்ட மறுப்பவரிடம் அறை எடுக்க வேண்டாம். மறைத்துப் பெறும் வாடகை, சட்டத்தில் எப்பெயர் பெற்றாலும், அறத்தில் வஞ்சனையே.