ஏமாற்றலாம், மிரட்டக் கூடாது

மலேசியாவின் 1950 சாட்சியச் சட்டத்தில் 24-ஆவது பிரிவையும் 29-ஆவது பிரிவையும் சேர்த்துப் படித்தால் ஒரு விநோதம் தெரியும். மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கிய ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்கிறது முதலாவது. ஏமாற்றி வாங்கினார்கள் என்பதற்காக மட்டும் அது செல்லாமல் போய்விடாது என்கிறது மற்றது. இரண்டும் 1872-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்திலிருந்து வந்தவை.

இதன் தர்க்கம் எளிது. அடிக்குப் பயந்தால் நிரபராதியும் "ஆமா, நான்தான்" என்பான். பொய்யில் சிக்கி உளறுபவனிடமோ உளற ஏதோ இருந்திருக்கிறது. ஜாசின் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த என் மாமாவும் இதைத்தான் சொல்வார்: "தப்பு பண்ணலேன்னா பாலாய்ல எதுக்குடா பயப்படணும்?" குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யையும் வாய்மையோடு சேர்க்கலாம் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே என்பார்.

நான் அவருக்குப் பேரறிவாளன் கதையைச் சொன்னேன். 1991 ஜூன் 11 அன்று, விசாரித்துவிட்டு மறுநாள் காலையில் அனுப்பிவிடுவோம் என்று சொல்லித்தான் அதிகாரிகள் மகனை அழைத்துப் போனார்கள் என்கிறார் அற்புதம்மாள். அப்போது அவருக்கு 19 வயது. ராஜீவ் கொலை வழக்கில் அவர் சொன்னதாகப் பதிவான முக்கியமான விஷயம், இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தது. போலீஸ் கண்காணிப்பாளர் எழுதிய ஒப்புதலையே சாட்சியமாக ஏற்கும் தடா சட்டம் அப்போது இருந்தது. அதை எழுதிய தியாகராஜன் 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார்: பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் பதிவு செய்யவில்லை. அதை எழுதியிருந்தால் அது ஒப்புதலாகவே இருந்திருக்காது. மரண தண்டனை 2014-இல் ஆயுளானது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. நிரபராதி என்று தீர்ப்பளிக்கவில்லை, விடுவித்தது, அவ்வளவுதான்.

பழைய தர்க்கம் உடைவது இங்கேதான். கடையில் பேட்டரி வாங்கியதை மறைக்க வேண்டும் என்று விஷயம் தெரிந்தவனுக்குத் தோன்றும். காலையில் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நம்புகிறவன் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லுவான். ஏமாற்று கைதேர்ந்தவனைவிட வெகுளியிடம்தான் நன்றாக வேலை செய்யும். தவிர, விசாரிக்கிற அதிகாரிக்குத் தன் முன்னால் இருப்பவன் யாரென்று இன்னும் தெரியாது. வள்ளுவர் கேட்ட அந்தக் குற்றமற்ற நன்மை வருமா என்று அவர் எப்படி முன்கூட்டியே அறிவார்?

2007-க்குப் பிறகு இங்கே போலீசிடம் சொன்னது பெரும்பாலும் சாட்சியமாக நிற்காது. ஆனால் அந்தப் பேச்சை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அதோடு தொடர்புள்ள வார்த்தைகளை 27-ஆவது பிரிவு உள்ளே கொண்டுவரும். அதனால் ஏமாற்றுக்கு இன்னும் பலன் இருக்கிறது.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "நம்ம ஊர்லயும் எழுதறத வாசிச்சுக் காட்டித்தானே கையெழுத்து வாங்குவாங்க?" என்றார். வாசித்துத்தான் காட்டுவார்கள். ஆனால் எழுதுவது மலாயில். மாமா மலாய் சரளமாகப் பேசுவார், வாசிக்க வராது.