சென்டர் பேக்கை எடைபோட எண்ணும் காணொளியும்

தூத்தூர், இரவிபுத்தன்துறை போன்ற குமரிக் கடலோரக் கால்பந்து ஊர்களிலிருந்து வரும் இளம் சென்டர் பேக்கை டேக்கிள் எண்ணிக்கையை மட்டும் வைத்து எடைபோட முடியாது. பந்து பெரும்பாலும் எதிரணியிடமே இருந்தால் யாருக்கும் டேக்கிள் கூடும். நீண்ட பாஸ் கிளம்புமுன்பே நாலடி பின்வாங்கி வழியை அடைத்துவிடும் பையனின் கணக்கிலோ எதுவும் ஏறாது. 2001-இல் சென்டர் பேக் யாப் ஸ்டாமை மான்செஸ்டர் யுனைடெட் லாசியோவுக்கு விற்றதற்கு அவருடைய டேக்கிள் குறைந்ததும் ஒரு காரணம் என்பார்கள். அந்த விற்பனை தவறு என்று பயிற்சியாளர் அலெக்ஸ் பெர்குசனே பின்னர் ஒப்புக்கொண்டார்.

காணொளியும் ஏமாற்றும். கேமரா பந்தையே தொடர்வதால் சென்டர் பேக் பல நேரம் திரைக்கு வெளியே நிற்கிறார். கடைசி நொடியில் சறுக்கிப் பந்தைத் தட்டியது கைதட்டல் வாங்கும். அதற்கு முன் தவறான இடத்தில் நின்றது தெரியாது.

ஆகவே எண்ணிலிருந்து கேள்வியை எடுத்து, காணொளியில் பதில் தேட வேண்டும். உயரப் பந்துகளில் பத்துக்கு ஏழில் வென்றவர் என்றால், தோற்ற மூன்றையும் போட்டுப் பார்க்கலாம். எதிராளி உயரமானவரா, இவர் குதிக்கப் பிந்தினாரா? பிந்துவது பயிற்சியில் திருந்தும். மைதானம் முழுவதும் தெரியும்படி உயரத்திலிருந்து எடுத்த முழு ஆட்டக் காணொளிகளே இப்படித் தேட உதவும். தொகுத்த துண்டுகள் உதவா.