சங்கல்பமும் ஒளிப்பதிவும்

2020-ஆம் ஆண்டு மார்ச் 20 அன்று, தொற்றுநோயின் காரணமாகத் திருமலையில் பக்தர்களின் தரிசனம் நிறுத்தப்பட்டது. நித்திய பூஜைகள் ஏகாந்தமாக நடைபெற்றன. ஜூன் மாதம் தரிசனம் மீண்டும் தொடங்கிய பின்னரும் கல்யாணோற்சவத்தில் தம்பதியர் அமர இயலவில்லை. ஆகவே, அவ்வாண்டு ஆகஸ்டு 7 முதல் தேவஸ்தானம் ஒரு புதிய ஏற்பாட்டைச் செய்தது. நண்பகலில் நடக்கும் கல்யாணோற்சவம் ஸ்ரீ வேங்கடேஸ்வர பக்தி சானலில் நேரடியாக ஒளிபரப்பாகும். பதிவு செய்துகொண்ட தம்பதியர் மரபான உடையுடன் தம் இல்லத்திலேயே அமர்ந்து, அர்ச்சகர் பணிக்கும்போது தம் பெயரையும் கோத்திரத்தையும் சொல்லிச் சங்கல்பம் செய்துகொள்ள வேண்டும். பிரசாதம் அஞ்சலில் வந்து சேரும்.

இதனால் ஒரு நுட்பமான வினா எழுந்தது. சித்தூரில் அலுவலகம் செல்லும் ஓர் அன்பருக்கு நண்பகலில் ஓய்வில்லை. அவர் அதே நிகழ்ச்சியை ஞாயிறு மாலை ஒளிப்பதிவில் கண்டு, அர்ச்சகர் சொல்லும் இடத்தில் தம் கோத்திரத்தைச் சொன்னால் அது சங்கல்பம் ஆகுமா?

சங்கல்பம் என்பது வெறும் விருப்பம் அன்று. இன்ன தேசத்தில், இன்ன ஆண்டில், இன்ன அயனத்தில், ருதுவில், மாதத்தில், பட்சத்தில், திதியில், கிழமையில், நட்சத்திரத்தில், இன்னார் இச்செயலைச் செய்கிறேன் என்னும் உறுதிமொழி அது. 2020 ஆகஸ்டு 7 சார்வரி ஆண்டு, தட்சிணாயனம், கிருஷ்ணபட்சச் சதுர்த்தி, வெள்ளிக்கிழமை. ஞாயிறு மாலை பதிவைக் காண்பவரின் செவியில் விழுவதும் அதே சதுர்த்தியும் வெள்ளிக்கிழமையுமே. அவர் வீட்டு நாட்காட்டியிலோ சஷ்டி நடந்துகொண்டிருக்கும். உடன் சொன்னால் அவர் சொல்வது உண்மையல்லாத ஒன்றாகிவிடும். நேரடி ஒளிபரப்பில் தேசம் மட்டுமே மாறுகிறது. ஒளிப்பதிவில் தேசமும் காலமும் இரண்டுமே நழுவுகின்றன. ஆகவே அவர் ஞாயிறன்று அதைக் கண்டு மகிழலாம், வணங்கலாம். சங்கல்ப வாக்கியத்தை மட்டும் அன்றைய திதியோடு தாமே தனியாகச் சொல்லிக்கொள்வதே முறை என்பது என் கருத்து.

நேரடி ஒளிபரப்பு மட்டும் உண்மையில் நேரடியா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஒரே வீட்டில் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் ஒரே ஒளிபரப்பை வைத்தால், ஒன்றில் மணி ஒலித்து முடிந்த பிறகு மற்றொன்றில் ஒலிக்கும். இணையவழி வரும் காட்சி சிறு சிறு துண்டுகளாக்கப்பட்டு, சில துண்டுகள் சேமிப்பில் நிறைந்த பிறகே ஓடத் தொடங்குவதால் இத்தாமதம் உண்டாகிறது. எனினும் அச்சில நொடிகளில் திதி மாறிவிடுவது அரிது. அதைவிட முக்கியமானது வேறொன்று. நேரடியாகக் காண்பவர் அர்ச்சகருக்காகக் காத்திருக்கிறார். பதிவைக் காண்பவருக்கோ நீண்ட மந்திரப் பகுதியைத் தாண்டி மாங்கல்யதாரணத்திற்குத் தாவும் வசதி கையிலேயே உள்ளது. விரலின் விருப்பத்திற்கு உட்பட்டது வழிபாடாக நிற்பது கடினம். சித்தூருக்கு அருகேயுள்ள காணிப்பாக்கத்தில் விநாயகர் முன் சத்தியம் செய்யும் வழக்கம் இன்றும் உண்டு. வழக்குடையவர் நீராடி, சன்னிதியில் நேரில் நின்றாக வேண்டும். முன்பு பதிவு செய்த சத்தியத்தை எவரேனும் ஏற்பாரா?

உபன்யாசத்தின் இயல்பு வேறு. அதன் பயன் பொருள் விளங்குவதே. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு ஒரே உபதேசத்தை ஒன்பது முறை கூறுகிறார். சிரவணத்தை மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும் என்று ஆசாரியர்கள் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு சான்று. திரும்பக் கேட்க உதவும் ஒளிப்பதிவு இங்கே குறையுடைய மாற்று அன்று. அரங்கின் கடைசி வரிசையில் அரைகுறையாகக் கேட்டவரைவிட, வீட்டில் நிறுத்தி நிறுத்திக் கேட்டவர் தெளிவு பெறலாம். ஆனால் உத்தாலகர் ஒன்பது முறையும் ஒரே உவமையைச் சொல்லவில்லை. மகன் மேலும் விளக்குமாறு கேட்கக் கேட்க, தேன், ஆறுகள், ஆலம்விதை, நீரில் கரைந்த உப்பு என உவமை மாறிக்கொண்டே செல்கிறது. பதிவு எத்தனை முறை கேட்டாலும் அதே உவமையையே தரும். அதற்கு விளங்காதவர் நேரில் சென்று வினவுவதைத் தவிர வேறு வழியில்லை.

திருப்பதியில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதிய வரலாறு ஒன்றைக் குருபரம்பரை கூறுகிறது. ஸ்ரீ ராமானுஜர் மலையடிவாரத்தில் தங்கி, ஓராண்டுக் காலம் பெரிய திருமலை நம்பியிடம் ராமாயணப் பொருள் கேட்டார். நம்பி மலையிலிருந்து இறங்கி வந்து சொல்லுவார். அதனால் அவருக்கு வேங்கடவனின் உச்சிகால தரிசனம் தவறிப்போயிற்று. சொல்ல வேண்டியதை மலைமேலிருந்தே ஓலையில் எழுதியனுப்பி, தரிசனத்தைக் காத்துக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை. நாள்தோறும் இறங்கினார், தரிசனம் போயிற்றே என்று வருந்தவும் செய்தார். அவ்வருத்தம் தீரப் பெருமான் தம் திருவடிகளை அலிபிரியில் காட்டியருளினான் என்பர். மலையேறுவோர் இன்றும் அங்குள்ள பாத மண்டபத்தில் அத்திருவடிகளை வணங்கிய பின்னரே முதற்படியில் கால் வைக்கின்றனர்.