கூடாரம் மாறலாம், குணம் மாறலாமா?
(பெற்றோரின் 50-ஆவது திருமண நாளில் ஒரு மகனின் கடிதம்)

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

உங்களுக்குக் கல்யாணம் ஆகி 50 வருஷம் நிறைவாகிறது. கர்த்தருக்கே மகிமை. ஸ்தோத்திர ஜெபத்தில் ரெண்டு வார்த்தை பேசச் சொன்னீங்க. நின்று பேசினால் அழுகைதான் வரும். அதனால் எழுதுகிறேன். நம்ம சபை விசுவாசிகளும் வாசிக்கட்டும்.

நீங்க எனக்குத் தந்தவைகளுக்கு நன்றி சொல்லுவது லேசு. அப்பா விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போய் என்னைப் படிக்க வைச்சீங்க. அம்மா தனக்கு இல்லாமல் எங்களுக்கு விளம்பினீங்க. இதையெல்லாம் எண்ணிச் சொல்லிவிடலாம். முன்மாதிரி அப்படியல்ல. அது எனக்கென்று தந்த பொருள் இல்லை. நீங்க கர்த்தருக்கு முன்பாக வாழ்ந்தீங்க, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு நன்றி என்பது பின்பற்றுவதுதான்.

ஆனால் எதைப் பின்பற்றுவது? நம்ம வீட்டில் ராத்திரி ஏழு மணி ஆனால் பாய் விரித்து குடும்ப ஜெபம். இன்றைக்கு என் மகனுக்கு வெளியூரில் ஷிப்டு வேலை, மகள் ஹாஸ்டலில். ஏழு மணிக்கு எல்லாரும் ஒரே பாயில் உட்கார வழியில்லை. அப்படியானால் உங்க வழி என்னோடு முடிந்துபோயிற்றா?

இந்தக் கேள்வியோடு எரேமியா 35-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். ரேகாபியருக்கு அவர்கள் தகப்பன் யோனதாப் சில கட்டளைகளைக் கொடுத்திருந்தான். திராட்சரசம் குடிக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது, பயிரிடக் கூடாது, கூடாரத்திலேயே குடியிருக்க வேண்டும். யோனதாப் யெகூ ராஜாவின் காலத்தவன். 200 வருஷத்துக்கு மேலாகியும் பிள்ளைகள் அதைக் கைக்கொண்டார்கள். எரேமியா கர்த்தருடைய கட்டளையின்படி, தேவாலயத்தின் அறையிலேயே அவர்கள் முன்பாகக் கோப்பைகளை வைத்து, குடியுங்கள் என்றார். தீர்க்கதரிசியே சொல்லியும் அவர்கள் குடிக்கவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். அப்போது அவர்கள் இருந்தது கூடாரவாசிகளுக்குரிய வெளியில் அல்ல, எருசலேம் நகரத்துக்குள்ளே. கல்தேயரின் சேனைக்குப் பயந்து உள்ளே வந்தோம் என்று அவர்களே ஒளிக்காமல் சொல்லுகிறார்கள் (வசனம் 11). குடியிருந்த இடம் மாறிற்று, கோப்பையைத் தொடவில்லை. கர்த்தர் அவர்களைக் குற்றப்படுத்தவில்லை, ஆசீர்வதித்தார். யூதா ஜனங்களையும், நீங்களும் கூடாரத்துக்குப் போங்கள் என்று சொல்லவில்லை. அவர்களுடைய கீழ்ப்படிதலைப் பாருங்கள் என்றுதான் காட்டினார்.

நம்ம ஊரிலேயும் இதற்குச் சாட்சி உண்டு. சார்லஸ் மால்ட் ஐயரும் மார்த்தா அம்மாளும் 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனெரிகள். அம்மாள் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தி, ரேந்தை பின்னவும் படிப்பித்தார்கள். அந்தக் கூலியைச் சேர்த்து விடுதலை வாங்கின அடிமைப் பெண்களும் உண்டு. அவர்கள் மகள் எலிசா 1844-இல் கால்டுவெல் ஐயரை மணந்து, திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடிக்குப் போனார்கள். ஊர் வேறு, மிஷன் வேறு, சபை முறைமையும் வேறு. பெற்றோரின் சபையை அங்கே கொண்டுபோக முடியாது. ஆனால் இடையன்குடியிலும் பெண்பிள்ளைகள் படித்தார்கள், ரேந்தை பின்னினார்கள். எலிசா அம்மாள் தன் தாய்க்கு எழுதின நன்றிக் கடிதம் அதுவே என்று சொல்லுவேன்.

அப்பா, உங்க கோப்பை எது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒரு ராத்திரி ஞாபகம் வருகிறது. அம்மாவிடம் கேளாமல் நீங்க ஒருத்தருக்குச் சீட்டு ஜாமீன் போட்டிருந்தீங்க. ரெண்டுபேருக்கும் பேச்சு இல்லை. மணி ஏழாயிற்று, பாய் விரித்தாயிற்று, நீங்க வேதத்தைத் திறக்கவே இல்லை. எட்டும் ஆயிற்று. நாங்க பசியோடே உட்கார்ந்திருந்தோம். கடைசியில் எங்க முன்னாலேயே, "பிள்ளே, கேளாமப் போட்டது என் தப்புதான்" என்று சொன்னீங்க. அம்மா, "சரி, ஜெபிப்போம். பிள்ளைகளுக்குப் பசிக்கும்லா" என்று சொன்னீங்க. அதற்குப் பிறகுதான் ஜெபம்.

பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலாவது சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்ன மத்தேயு 5-ஆம் அதிகாரத்தை நான் வேதாகமக் கல்லூரியில் படித்தேன். கண்ணால் பார்த்தது அந்தப் பாயில். உங்க ஒழுங்கு ஏழு மணி அல்ல. ஏழு மணி கூடாரம். மனஸ்தாபத்தை வைத்துக்கொண்டு வேதத்தைத் திறக்க மாட்டோம் என்பதே நீங்க தொடாத கோப்பை.

கூடாரம் எது, கோப்பை எது என்று எப்படி அறிவது? ரேகாபியரை வைத்தே அறியலாம். ஆபத்து வந்தபோது எதை விட்டும் தகப்பனுக்குப் பிள்ளைகளாகவே இருந்தார்களோ, அது கூடாரம். பெரியவர் ஒருவரே பரவாயில்லை என்று சொல்லியும் எதை விடவில்லையோ, அது கோப்பை. எது வசதியோ அதையெல்லாம் கூடாரம் என்று தள்ளிவிடவும் கூடாது. ரேகாபியர் நகரத்துக்கு வந்தது சுகத்துக்காக அல்ல, சேனை வந்ததினால்.

இப்போது எங்க வீட்டு ஜெபம் போனில், பிள்ளைகளுக்கு நேரம் வாய்க்கும்போது. ஆனாலும் நானும் உங்க மருமகளும் முகம் பார்த்துப் பேசாத நாளில் போனை எடுக்கிறதில்லை. முதலில் பேசித் தீர்ப்போம். பிள்ளைகள் காத்திருப்பார்கள், நாங்க காத்திருந்தது போல.

அப்பா, அம்மா, இதுவே என் நன்றி.

கர்த்தருக்குள் உங்கள் மகன்.