இரு கையும் ஒரு குரலும்

இருவர் கூடி ஒரு பாட்டு இயற்றுகின்றனர். ஒருவர் நடை ஒரு விதம். மற்றவர் நடை வேறு விதம். கேட்போர் காதுக்கு அது ஒரே குரலாய் ஒலிக்க வேண்டுமென்று இருவரும் விரும்புகின்றனர். அவ்வாறு ஒன்றாக்குவது எவ்வாறு? ஒன்றாக்கும்போது ஒருவருடைய சொல்லை மற்றவர் பெயரில் ஓதச் செய்யும் குற்றம் நேராதா? முதற்கேள்வி யாப்பைச் சேர்ந்தது. இரண்டாவது அமானத்தைச் சேர்ந்தது. ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு விடை காண இயலாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நம் முன்னோர் இதற்குக் கண்ட வழிகளுள் ஒன்று தக்மீஸ். அரபுப் பைத்து ஒவ்வொன்றும் இரு பாதிகளை உடையது. தக்மீஸ் செய்பவர் அப்பைத்தின் முன்னே தம்முடைய பாதிகள் மூன்றைச் சேர்ப்பார். அவை மூலத்தின் சந்தத்திலேயே அமைய வேண்டும். மூலத்தின் முதற்பாதி எந்த ஒலியில் முடிகிறதோ அதே ஒலியில் மூன்றும் முடிய வேண்டும். இரண்டு இவ்வாறு ஐந்தாகும். ஸதக்கத்துல்லாஹ் அப்பா (வபாத்து 1703) அவர்கள் வித்ரிய்யாக் கஸீதாவுக்குச் செய்த தக்மீஸ் இத்தகையது. மூலநூலாசிரியர் அவர்களுக்குச் சில நூற்றாண்டுகள் முற்பட்டவர்; இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் ஓதும்போது ஒரே மூச்சில் ஓடுகிறது. இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. மூலத்தில் ஓரெழுத்தும் மாறுவதில்லை. மூன்றாம் பாதியோடு ஒருவர் சொல் முடிந்து, நான்காம் பாதியில் மற்றவர் சொல் தொடங்குகிறது என்பதை ஓதுவோர் அனைவரும் அறிவர். தையல் தெரிகிறது, ஆனால் உறுத்தவில்லை.

உமறுப்புலவரின் சீறாப்புராணம் நிறைவெய்தாது நின்றபோது, எஞ்சிய வரலாற்றைப் பனீ அகமது மரைக்காயர் பாடினார். அவர் அதனைச் சீறாவின் பகுதியாக ஒட்டிவிடாது, சின்னச் சீறா என்ற தனிப்பெயரில் நிற்கச் செய்தார். இதுவும் அமானத்தின் ஒரு வகையே.

மேற்சொன்ன இரண்டிலும் முந்தியவர் மறைந்துவிட்டார். அவர் சொல்லைத் தொடும் உரிமை யாருக்கும் இல்லை. இருவரும் உயிரோடிருந்து, ஒரே பாட்டுக்கு உடன்பட்டு அமரும்போது நிலைமை வேறு. 2019ஆம் ஆண்டுக் கோடையில் இத்தகைய ஒன்றில் நடுவனாய் இருக்க நேர்ந்தது.

அவ்வாண்டு செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு தரை தெரிந்தது. பூவிருந்தவல்லியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் பணிபுரியும் இளைஞர் ஒருவரும் சேர்ந்து, மழை வேண்டி ஒரு முனாஜாத்து எழுத முனைந்தனர். பெரியவர் அறுசீர் விருத்தத்தில் எழுதினார். இளைஞர் இசைப்பாட்டின் மெட்டில், பேச்சுமொழியில் எழுதினார். பெரியவரின் ஓரடி இது:

வானமே நோக்கி நின்றோம் வறண்டன ஏரி யெல்லாம்

இளைஞரின் ஓரடி இது:

ஒரேயடியாய் ஊத்தாதே ஊருக்குள்ளே வந்துவிடும்

முதலில் ஒன்றுவிட்டு ஒன்றாக இருவர் கண்ணிகளையும் அடுக்கினர். சிறுவர்களை ஓதச் செய்தபோது ஒவ்வொரு கண்ணியின் தொடக்கத்திலும் தடுமாறினர். காரணம் எளிது. பெரியவர் அடி ‘விளம், மா, தேமா’ என ஈரசைச் சீர்களால் நடக்கிறது. இளைஞர் அடியோ காய்ச்சீர்களால் ஓடுகிறது; அதில் ‘ஊருக்குள்ளே’ நாலசையாய் நீள்கிறது. நடப்பவனையும் ஓடுபவனையும் ஒரே கயிற்றில் கட்டினால் இருவரும் இடறுவர்.

அடுத்து, பெரியவர் இளைஞரின் சொற்களைத் திருத்த முற்பட்டார். ‘ஊத்தாதே’ என்பது கொச்சையென்று நீக்கி, ‘பொழியாதே’ என்று வைத்தார். நான், “ஐயா, இது மழை வேண்டும் பாட்டா, வேண்டாமென்னும் பாட்டா?” என்று கேட்டேன். ஊற்றுதல் அளவின்றிக் கவிழ்த்தலைக் குறிக்கும். பொழிதல் மழையின் இயல்பையே குறிக்கும். சொல் செம்மையானது, கருத்து தலைகீழானது. நடையை ஒன்றாக்குவோர் அஞ்ச வேண்டிய இடம் இதுவே. ஒரு சொல்லுக்கு உயர்ந்த சொல் கிடைத்துவிட்டதென்று மகிழ்வதற்கு முன், அச்சொல் எதை வேண்டாமென்றது, எதை வேண்டுமென்றது என்று பார்த்தல் வேண்டும்.

அப்போது இளைஞர் சொன்னார்: “ஹழ்ரத், 2015 வெள்ளத்திலே எங்கள் வீட்டுச் சாமான் எல்லாம் போயிற்று. மழை கேட்கவும் எனக்குப் பயமாயிருக்கிறது.”

இருவருக்கும் இருந்த வேறுபாடு நடையில் மட்டுமன்று என்பது அப்போது விளங்கிற்று. பெரியவர் பாட்டில் ஆசை இருந்தது. இளைஞர் பாட்டில் அச்சம் இருந்தது. பெரியவர் சற்று வருந்தி, “அல்லாஹ்விடம் கேட்கும்போது நிபந்தனை போடலாமா, தம்பி?” என்றார். நான் ஹதீதை நினைவூட்டினேன். ஜும்ஆவில் ஒருவர் வறட்சியை முறையிட, நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள், மழை பெய்தது. அடுத்த ஜும்ஆவில் மழை மிகுந்து சேதம் விளைவதாக முறையீடு வந்தது. எங்களைச் சுற்றிப் பெய்யட்டும், எங்கள் மீது வேண்டாம் என்ற பொருளில் நபியவர்கள் இரந்தார்கள். ஆகவே ஆசையும் அச்சமும் ஒரே நாவில் நிற்கலாம். அதைக் கேட்டபின் பெரியவர் மறுக்கவில்லை. இருவரும் எழுதுகோலை எடுத்தனர். முதலடியை ஒட்டி இரண்டாமடி இவ்வாறு அமைந்தது:

வானமே நோக்கி நின்றோம் வறண்டன ஏரி யெல்லாம்
தானமாய் மழையை ஈவாய் தளும்பிட வேண்டாம் வீட்டில்

சந்தமும் எதுகையும் பெரியவருடையவை. அச்சம் இளைஞருடையது. ‘மழையைத் தாராய்’ என்றே முதலில் எழுதினர். ‘தாராய்’ என்பது ‘தரமாட்டாய்’ என்றும் பொருள்படுமாதலால் ‘ஈவாய்’ என்று மாற்றினர். ‘வீட்டில்’ என்ற இடத்தில் பெரியவர் ‘இல்லில்’ என்று வைக்க விரும்பினார். இளைஞர் இசையவில்லை. நீர் புகுந்தது தம் வீட்டில்தான் என்றார். பெரியவர் விட்டுக்கொடுத்தார். ஒரு சந்தத்தை ஒருவர் ஏற்க, ஒரு சொல்லை மற்றவர் காக்க, குரல் ஒன்றாயிற்று.

சோதனைக்காக, எழுதியவர் யாரென்று அறியாத ஒருவரை ஓதச் செய்தோம். நாவு தடுமாறினால் குறை சீரில். தடுமாறாமல் தலை நிமிர்ந்து பார்த்தால் குறை சொல்லில். இரண்டும் நிகழாமல் அவர் ‘ஆமீன்’ என்றபின்தான் அடுத்த கண்ணிக்குச் சென்றோம். இவ்வளவு செய்தும் எல்லாப் பாட்டும் இணையாது. ஒருவர் நம்பாததை மற்றவர் வேண்டினால் எந்த யாப்பும் அவ்விருவரையும் சேர்க்காது. அங்கே தனித்தனிப் பாட்டாய் விடுவதே நேர்மை.

இனி அமானத்து. ஹதீதுக் கலையில் இத்ராஜ் என்றொரு குறை உண்டு. அறிவிப்பாளரின் விளக்கச் சொல் நபிமொழியோடு கலந்து, பிரித்தறிய இயலாமற்போவது. அச்சொல் நல்ல சொல்லாகவே இருக்கலாம். ஆயினும் யாருடையதென்று தெரியாமற்போனதால் அது குறையாயிற்று. கதீபுல் பக்தாதி (வபாத்து 1071) போன்ற இமாம்கள் இவற்றைப் பிரித்துக் காட்டவே நூல் இயற்றினர். நம் முனாஜாத்து ஹதீதன்று. அதற்கு அந்தக் கண்டிப்பு இல்லை. ஆனால் அதன் பாடம் நமக்கும் உரியது. பாட்டுக்குள் தையல் மறையலாம், இருவரும் மனமொப்பினால். பாட்டுக்கு வெளியே அது மறையக்கூடாது.

அச்சிடும்போது இளைஞர், “பெரியவர் பெயர் மட்டும் போதும், நடை அவருடையதுதானே” என்றார். பெரியவர் ஒப்பவில்லை. இருவர் பெயரும் இடம்பெற்றன. கீழே ஒரு வரியும் சேர்த்தோம்: யாப்பு ஒருவருடையது, வேண்டுதல் இருவருடையது என்று.